மஞ்சள் கற்றை ஏன் பச்சையானது?

மாசித் தேருக்காகத் தீர்த்தமலைக்கு வந்திருந்த அக்கா மகளின் தலையில் மூன்று நிறங்கள் இருந்தன. பின்னந்தலை முழுக்க மயில்நீலம். காதோரம் இரண்டு பக்கமும் ராணி கலர். நெற்றியின் இருபுறமும் முன்னால் விழும் இரண்டு கற்றைகள் மட்டும் எலுமிச்சை மஞ்சள். பெங்களூரில் போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. வந்த மறுநாள் காலையில் தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துத் துண்டை அவிழ்த்தபோது மஞ்சள் கற்றை இரண்டும் குளத்துப் பாசி படிந்த மாதிரி பச்சையாகியிருந்தன.

"சித்தி, பச்சைத் தண்ணிதான் ஊத்தினேன். சல்ஃபேட் இல்லாத ஷாம்புதான் போட்டேன். கடைசியில வினிகர் கலந்த தண்ணிகூட ஊத்தினேன். அப்புறமும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கண்ணாடி முன்னால் நின்றபடி கேட்டாள்.

அவள் சொன்ன மூன்றும் சாயம் போட்ட தலைக்கு எல்லோரும் சொல்கிற புத்திமதிகள். மூன்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். கரூரில் ஒரு சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். அவள் கேட்ட கேள்வியை அங்கே தினமும் துணியில் பார்த்திருக்கிறேன். முடியும் ஒரு நார்தான். கம்பளிக்கு இருக்கிற அதே கெரட்டின் புரதம்தான் அதிலும் இருக்கிறது. அதனால் இந்தப் புத்திமதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு உதவும், எது உதவாது என்று பார்த்துவிட நினைத்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரிக்க வேண்டும். சாயப்பட்டறையில் ஒரு துணியைத் துவைத்துச் சோதித்தால் ஒரு மதிப்பெண் தருவதில்லை, இரண்டு தருவோம். துணியின் சொந்த நிறம் எவ்வளவு வெளுத்தது என்பதற்கு ஒன்று. அதோடு சேர்த்துத் தைத்த வெள்ளைத் துணியில் எவ்வளவு சாயம் ஏறியது என்பதற்கு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சாம்பல் நிற அளவுகோல் உண்டு. 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் மிக மோசம். இரண்டும் ஒன்றாகப் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. சொந்த நிறத்தில் 4 வாங்கிய துணி பக்கத்துத் துணியை நாசம் செய்து 2 வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அடர்த்தியான நீலத்திலிருந்து நூற்றில் ஒரு பங்கு போனால் நீலத்தில் தெரியாது. அந்த ஒரு பங்கு மஞ்சளில் ஏறினால் ஊருக்கே தெரியும்.

தலைமுடிக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை முதல் மதிப்பெண்ணைக் காப்பாற்றச் சொல்லப்பட்டவை. நிறம் சீக்கிரம் வெளுக்காமல் இருக்க அவை உதவும். அக்கா மகளின் நீலம் வெளுக்கவில்லை, பளிச்சென்று இருந்தது. கெட்டது மஞ்சள். அவள் தோற்றது இரண்டாவது பரீட்சையில்.

மஞ்சள் ஏன் அவ்வளவு எளிதாக விழுந்தது என்பதற்கு அந்தக் கற்றையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் கருப்பு முடியில் மஞ்சள் தெரிய வேண்டுமானால் ப்ளீச் போட்டு அதன் கருமையை எடுத்தாக வேண்டும். ப்ளீச் கருமையை மட்டும் எடுத்துவிட்டுப் போவதில்லை. முடியின் மேல்தோலில் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தையும் எடுத்துவிடுகிறது. தண்ணீரை ஒட்டவிடாமல் வைத்திருந்தது அந்தப் படலம்தான். கூடவே முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அந்த இடங்களில் எதிர்மின்னூட்டம் உள்ள அமிலக் குழுக்களை விட்டுச் செல்கிறது. மின்னும் நிறங்களுக்குப் பயன்படும் சாயங்களில் பல நேர்மின்னூட்டம் உடையவை. டப்பாவின் பின்னால் பேசிக் ப்ளூ 99, பேசிக் ரெட் 51, பேசிக் எல்லோ 87 என்று போட்டிருப்பது இந்த வகை. எதிரும் நேரும் ஈர்த்துக்கொள்ளும். ப்ளீச் போட்ட முடி இந்தச் சாயத்தை அப்படியே இழுத்துக்கொள்வது அதனால்தான்.

சலூனில் நல்லதாகத் தெரிகிற இந்தக் குணம்தான் குளியலறையில் வினையாகிறது. நீலக் கற்றையிலிருந்து கழன்று தண்ணீரில் போகிற சாயம், வழியில் இன்னொரு ப்ளீச் போட்ட கற்றையைக் கண்டால் அங்கே ஒட்டிக்கொள்கிறது. அதிலும் மஞ்சளுக்காக மிக வெளிறிய நிலை வரை ப்ளீச் ஏறியிருக்கும். போட்ட மஞ்சள் சாயமும் லேசானதாக இருக்கும். அதாவது தலையிலேயே அதிகப் பசியோடு இருக்கும் முடி அதுதான். நரையை மறைக்கப் போடும் வழக்கமான டையில் இந்தத் தொல்லை குறைவு. அது முடிக்குள் போன பிறகு வேதிவினையில் பெரிய மூலக்கூறாகி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. மின்னும் நிறங்கள் முன்னமே செய்து முடித்த சாயங்கள். உள்ளே போன வழியிலேயே திரும்பி வரும்.

இப்போது புத்திமதிகளுக்கு வருகிறேன்.

குளிர்ந்த தண்ணீர். இதில் உண்மை இருக்கிறது. முடி தண்ணீர் குடித்தால் அதன் தடிமன் ஏறத்தாழ 15 சதவீதம் வரை ஊதும். சூடு கூடினால் உள்ளே இருக்கும் சாயம் வேகமாக நகர்ந்து வெளியே வரும். சூடு குறைந்தால் வெளியேற்றம் குறையும், ஆனால் நிற்காது. தீர்த்தமலையில் குளிர்ந்த தண்ணீர் என்று நாம் சொல்வது எது என்றும் கேட்க வேண்டும். போர் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வரும்போதே 27, 28 டிகிரி இருக்கும். அதை மாடியில் கருப்புத் தொட்டியில் ஏற்றி வைத்து, மாசி மாத மதியம் குழாயைத் திறந்தால் கை சுடும். குளிர் நாடுகளில் எழுதிய அறிவுரையில் உள்ள குளிர்ந்த தண்ணீர் நம் குழாயில் எந்த நேரமும் கிடைக்காது. அதிகாலையில், தொட்டி இரவெல்லாம் ஆறிய பிறகு குளிப்பதுதான் நமக்குக் கிடைக்கும் அதிகபட்சக் குளிர்ச்சி. அவள் காலையில்தான் குளித்தாள். ஆகவே இந்த விஷயத்தில் அவள் மேல் குற்றமில்லை. கழலும் சாயத்தைக் குளிர் கொஞ்சம் குறைக்கும். கழன்றது எங்கே போகிறது என்பதை அது தீர்மானிக்காது.

சல்ஃபேட் இல்லாத ஷாம்பு. சாதாரண ஷாம்புவின் நுரைப்பொருள் எதிர்மின்னூட்டம் உடையது. நேர்மின்னூட்டச் சாயத்தை அது கட்டிப்பிடித்து வெளியே இழுத்துவரும், நிறம் சீக்கிரம் வெளுக்கும். அது வரை சரி. ஆனால் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓலிஃபின் சல்ஃபோனேட் போடுகிற ஷாம்புகள் நிறைய உண்டு. பெயரில்தான் சல்ஃபேட் இல்லை. மின்னூட்டம் அதேதான், வலிமையும் ஏறத்தாழ அதேதான். இன்னொரு விஷயத்தையும் எடைபோட வேண்டும். சாயம் போட்ட துணியைப் பட்டறையில் கடைசியாகச் சோப்புக் கரைசலில் அலசுவதன் நோக்கமே கழன்ற சாயத்தை மிதக்கவைத்து, மறுபடி துணியில் படியாமல் வெளியே தள்ளுவதுதான். அந்த அளவில் நுரை நமக்கு எதிரி இல்லை. நுரையைத் தலை முழுக்கக் கலந்து தேய்ப்பதுதான் எதிரி. அக்கா மகள் மூன்று நிறத்தையும் உச்சியில் ஒன்றாகக் குவித்து, எல்லோரும் செய்வதுபோல வட்டமாகத் தேய்த்திருக்கிறாள். எந்த ஷாம்பு என்ற கேள்வியைவிட அந்தக் கை வட்டம்தான் பெரிய விஷயம்.

சீயக்காய், அரப்பு போடலாமா என்று அக்கா கேட்டாள். எங்கள் பக்கத்தில் அரப்புத்தூள் இல்லாத வீடு குறைவு. சாயத்தைக் கழற்றும் விஷயத்தில் இரண்டும் மிதமானவைதான். ஆனால் வெளிறிய முடியில் சீயக்காயின் பழுப்பும் அரப்பின் பச்சையும் தங்கும். பச்சையை எடுக்கப் போய்ப் பச்சைத் தூளைத் தேய்க்க நான் சம்மதிக்கவில்லை. குளியல் சோப்பு இவை எல்லாவற்றையும்விட மோசம். அதன் காரம் முடியை இன்னும் ஊதவைக்கும். உப்புத் தண்ணீரில் அது திரிந்து பிசுக்காகப் படியும்.

வினிகர். இதற்குப் பரம்பரைப் பெருமை உண்டு. கம்பளியிலும் பட்டிலும் அமிலச் சாயம் போடுகிறவர்கள் புளிப்பு சேர்த்தால்தான் சாயம் பிடிக்கும் என்பார்கள். அது நூற்றுக்கு நூறு உண்மை. அமிலச் சாயம் எதிர்மின்னூட்டம் உடையது. புளிப்பு கூடும்போது புரத நாரில் நேர்மின்னூட்டம் கூடும், சாயம் பிடித்துக்கொள்ளும். தலைமுடியிலும் அமிலச் சாயங்கள் உண்டு. டப்பாவில் ஆசிட் வயலட் 43 போன்ற பெயர் இருந்தால் வினிகர் அர்த்தமுள்ளது. ஆனால் அக்கா மகள் காட்டிய டப்பாவில் இருந்தவை பேசிக் சாயங்கள். அவற்றின் மின்னூட்டம் நேர் எதிரானது. புளிப்பு கூடினால் அவை உட்காரும் இடங்களில் ஒரு பகுதி குறையத்தான் செய்யும். நீர்த்த வினிகர் ஊதிய முடியைச் சற்றே சுருக்கி, மேல்தோல் செதில்களைப் படியவைக்கும். தொட்டால் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பைச் சாயம் பூட்டப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வது தவறு. கம்பளிக்குச் சொன்ன மருந்தை, சாயத்தின் வகையைப் பார்க்காமல் முடிக்கு எழுதிக் கொடுத்ததால் வந்த நம்பிக்கை இது.

இதற்கு நம் வீட்டில் ஒரு தங்கை உண்டு, கல்லுப்பு. புதுச் சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசாத அம்மா யார்? பருத்தியில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சாயமும் பருத்தியும் இரண்டும் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளும்போது, உப்பு நடுவே புகுந்து அந்தத் தள்ளலைக் குறைக்கும். சாயம் தண்ணீருக்குப் போகாமல் நூலோடு நிற்கும். அதே உப்பைப் பேசிக் சாயம் போட்ட நாரில் சேர்த்தால் வேலை தலைகீழாகிறது. அக்ரிலிக் நூலுக்குப் பேசிக் சாயம் போடும்போது சோடியம் சல்ஃபேட் என்ற உப்பைச் சேர்ப்பதே சாயம் பிடிப்பதைத் தாமதப்படுத்தத்தான். சோடியம் போய்ச் சாயத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சேலைக்குச் சொன்னதைத் தலைக்குச் செய்யக் கூடாது. அக்கா கையில் எடுத்த உப்பு டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

உப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்த் தண்ணீரை விட்டுவிட முடியாது. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோரும் அறிந்தது. பல்லில் பழுப்புக் கறை இல்லாத பழைய தலைமுறை எங்கள் பக்கம் குறைவு. ஜப்பான் நிதியுதவியோடு 2013ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். ஃபுளோரைடுக்கும் முடிச் சாயத்துக்கும் சம்பந்தமில்லை. போர் தண்ணீரின் கடினத்தன்மைக்குத்தான் சம்பந்தம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று விரும்பத்தக்க அளவு வைத்து, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் பக்கத்துப் பாத்திரங்களின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே போரின் நிலைமை தெரியும். அந்த வெள்ளையில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் நேர்மின்னூட்டம் உடையவை. ப்ளீச் போட்ட முடி சாதாரண முடியைவிட அவற்றை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன நாற்காலிப் போட்டியில் இவையும் ஆட்கள். ஆக, பெங்களூர் வீட்டில் நல்ல தண்ணீரில் முதல் இரண்டு குளியல் தாங்கிய தலை, இங்கே ஒரே குளியலில் அதிகச் சாயம் கக்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. இதற்குத் தீர்வு தலை முழுவதையும் ஒகேனக்கல் தண்ணீரில் அலசுவது அல்ல. குடிக்க வரும் தண்ணீரை அப்படிக் கொட்ட எனக்கு மனம் வராது. மஞ்சள் கற்றைகளுக்கு மட்டும் இரண்டு சொம்பு போதும்.

இதுவரை வந்தவை எல்லாம் கழலும் சாயத்தின் அளவைப் பற்றியவை. ஒட்டுவதைத் தடுப்பது எது? என் கணிப்பில் மூன்று விஷயங்கள்தான், அவற்றில் இரண்டு பாட்டிலில் விற்கப்படுவதே இல்லை.

முதலாவது, பசித்த முடிக்கு முன்கூட்டியே வேறு ஏதாவது கொடுத்துவிடுவது. கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருளும் நேர்மின்னூட்டம் உடையதுதான். மஞ்சள் கற்றையை நல்ல தண்ணீரில் நனைத்து, வெள்ளைக் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசிவிட்டால், சாயம் வந்து உட்காரும் இடங்களில் கண்டிஷனர் உட்கார்ந்திருக்கும். மேலே வழுக்கும் படலமாகவும் நிற்கும். தேங்காய் எண்ணெய் பூசலாமே என்று தோன்றும். அதுவும் தண்ணீரைத் தள்ளும்தான். ஆனால் எண்ணெயைப் போக்க அழுத்தமான ஷாம்பு வேண்டும், அப்போது தடுத்த வேலை எல்லாம் வீண். கண்டிஷனரோ வெறும் தண்ணீரில் போய்விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். மின்னும் நிறச் சாயங்கள் பெரும்பாலும் கண்டிஷனர் போன்ற க்ரீமில்தான் கலந்து விற்கப்படுகின்றன. மின்னூட்டம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டையில்லாமல் கலந்திருக்கும். அப்படியானால் நீல முடியில் பூசிய கண்டிஷனர் சில நிமிடங்களில் என்ன ஆகிறது? லேசான நீலச் சாய க்ரீம் ஆகிறது. அதே கையால் மஞ்சளைத் தொட்டால் மஞ்சளுக்கு நாமே நீலம் பூசுகிறோம். கண்டிஷனர் மட்டும் போட்டு அலசினால் சாயம் போகாது என்று நம்பிக் குளிக்கிறவர்களின் தலையில் நிறங்கள் மெல்ல மெல்லக் கலங்கிப்போவது இப்படித்தான். கண்டிஷனர் காப்பதும் அதுதான், கெடுப்பதும் அதுதான். எந்தக் கற்றையில் முதலில் படுகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

இரண்டாவது, தண்ணீர் போகும் பாதை. தண்ணீர் மேலிருந்து கீழே வழியும், வேரிலிருந்து நுனிக்குப் போகும். அடர்ந்த நிறத்தைத் தொட்ட தண்ணீர் வெளிறிய நிறத்தைத் தொடாமல் தலையை விட்டு இறங்க வேண்டும். வாளியில் முடியை முக்கி அலசுவது, சலூன் தொட்டியின் அடியில் தேங்கும் கலர் தண்ணீரில் பின்முடி ஊறிக் கிடப்பது, இவை இரண்டும் சாயம் போடும் வேலையேதான், பெயர்தான் வேறு. சொம்பில் எடுத்து ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். ஓடுகிற தண்ணீரில் சாயத்தின் அடர்த்தி குறைவு, முடியோடு தங்கும் நேரமும் குறைவு. ஒட்டுவதற்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவதுதான் பலரும் நினைத்தே பார்க்காதது, துண்டு. தண்ணீரில் நிறம் போவதைச் சோதிக்க உலகத் தரச் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் துணியைத் துவைப்பதே இல்லை. ஈரமாக்கி, வெள்ளைத் துணியோடு சேர்த்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்தி, 37 டிகிரியில் 4 மணி நேரம் வைப்பார்கள். துவைப்பில் தப்பிய துணிகள் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்வது வழக்கம். ஈரம், அழுத்தம், உடல் சூடு, நேரம். ஈரத்தலையில் துண்டை முறுக்கிக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவது இந்தச் சோதனையை அப்படியே தலையில் நடத்துவதுதான். அவிழ்த்த துண்டை விரித்துப் பார்த்தேன். நீலமும் ராணி கலரும் திட்டுத்திட்டாக இருந்தன, மஞ்சள் கற்றை மடிந்து கிடந்த இடத்தைச் சுற்றித்தான் நீலம் அதிகம். குளித்து முடித்த உடனே மஞ்சள் எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்ப மஞ்சளாத்தான் இருந்த மாதிரி இருந்துச்சு சித்தி" என்றாள். ஈர முடியில் நிறம் சரியாகத் தெரியாது என்பதால் அவள் வார்த்தையை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டேன். துண்டு சொன்ன சாட்சியை நம்புகிறேன்.

பச்சையான கற்றையை முதலில் மீட்க முடியுமா என்று பார்த்தோம். ஒட்டிய சாயம் புதிதாக இருக்கும்போது பிடி தளர்வாக இருக்கும். மற்ற முடியை எல்லாம் உலர்ந்தபடியே பின்னால் கட்டிவிட்டு, அந்த இரண்டு கற்றைகளை மட்டும் சாதாரண வலுவான ஷாம்பு போட்டு, இரண்டு நிமிடம் நுரையில் வைத்து அலசினோம். மூன்று தடவை. நுரை முதலில் வெளிர்பச்சையாக வந்தது, மூன்றாம் தடவை வெள்ளையாகிவிட்டது. முக்கால்வாசிப் பச்சை போனது, மஞ்சளிலும் பாதி கூடவே போனது. மஞ்சள் டப்பாவில் மிச்சம் இருந்ததால் மேலே மறுபடி பூசினோம். நுனியில் கிளிப்பச்சைச் சாயல் இன்னும் இருக்கிறது. நீலத்தின் மேல் எவ்வளவு மஞ்சள் பூசினாலும் பச்சைதான் வரும் என்பதால் அந்தச் சாயலை நான் அதற்கு மேல் துரத்தவில்லை.

மூன்று நாள் கழித்து அடுத்த குளியல். காலை ஆறரை மணிக்கு, தொட்டித் தண்ணீர் ஆறியிருக்கும்போது. முதலில் உலர்ந்த தலையில் நிறங்களைப் பிரித்தோம். மஞ்சள் கற்றைகளை நல்ல தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசைக்கரண்டி கண்டிஷனர் பூசி, நெற்றிக்கு மேல் மடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கிளிப் போட்டேன். கையை நன்றாகக் கழுவிவிட்டு அவளை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன். இரண்டு பக்கத்து ராணி கலர் முதலில். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பகுதியில் மட்டும் ஊற்றி, முடியின் வாக்கிலேயே மேலிருந்து கீழே விரலால் வழித்து, உடனே அலசினேன். அடுத்து பின்னந்தலை நீலம், அதே விதம். சொம்பு எப்போதும் நெற்றிக் கோட்டிலிருந்து பின்பக்கமாகத்தான் சாய்ந்தது. ராணி கலரில் ஆறேழு சொம்பில் தண்ணீர் தெளிந்தது. நீலம் முழுதாகத் தெளியவே இல்லை. லேசான நீலம் வந்துகொண்டே இருந்தது. தெளியும்வரை ஊற்றுவேன் என்று நின்றால் நீலமே போய்விடும். வெளிறிய தேநீர் அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். அவற்றுக்குக் கண்டிஷனர் போட்டு அலசிய பிறகு, பின்முடியைப் பழைய கருப்புத் துணியால் சுற்றி முதுகுப் பக்கம் ஒதுக்கினோம்.

கடைசியில் மஞ்சள். அவள் எழுந்து முன்னால் குனிந்தாள். கவரை அவிழ்த்து, முகத்துக்கு முன்னால் தனியாகத் தொங்கிய கற்றைகளில் ஒகேனக்கல் தண்ணீர் இரண்டு சொம்பு. கண்டிஷனர் வெள்ளையாகவே வழிந்தது. மஞ்சளைத் தனித் துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறியடியில் மூன்று நிறமும் ஒன்றையொன்று தொடாமல் உலரும்வரை அவளை உட்காரவைத்தேன். துண்டு கட்டவில்லை, பின்னலும் போடவில்லை.

பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த ஒரு துண்டை வைத்துச் சோதித்தும் பார்த்தேன். ஈர நீலக் கற்றையை அதில் மடித்து விரலால் ஒரு நிமிடம் அழுத்தினால் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அன்று பட்டறை அளவுகோலில் 3 போடலாம் என்ற அளவுக்கு நீலம் ஏறியது. ராணி கலருக்கு 4. அதாவது நீலம் இன்னும் கக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மஞ்சளில் புதிதாகப் பச்சை இல்லை. நான் சொல்ல வந்த தீர்ப்பு அந்தத் துணியில் இருக்கிறது. கக்குவதை நிறுத்த முடியவில்லை, நிறுத்தாமலேயே மஞ்சளைக் காப்பாற்ற முடிந்தது. காப்பாற்றியவை மூன்று: முன்கூட்டிப் பூசிய கண்டிஷனர், தண்ணீரின் திசை, கட்டாத துண்டு. குளிர்ந்த தண்ணீரையும் மென்மையான ஷாம்புவையும் நான் கைவிடச் சொல்லவில்லை, அவை நீலத்தின் ஆயுளுக்கு நல்லவை. வினிகரைப் பேசிக் சாயத்துக்கு விட்டுவிடலாம். கல்லுப்பை நிச்சயம் விட்டுவிட வேண்டும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. அவளுக்கு நிறங்கள் பகுதி பகுதியாக இருந்ததால்தான் பாதையைப் பிரிக்க முடிந்தது. வேரில் நீலமும் நுனியில் மஞ்சளுமாகப் போட்டிருந்தால் எப்படிக் குனிந்தாலும் நீலத் தண்ணீர் மஞ்சள் வழியாகத்தான் இறங்கும். நுனியைக் கவரில் கட்டலாம், கட்டிய இடத்தில் கசிவதைத் தடுக்க முடியாது. மெல்லிய இழைகளாக மூன்று நிறத்தையும் கலந்து போட்ட தலைக்கும் இது உதவாது. அவர்களுக்கான முடிவைச் சலூனிலேயே எடுத்திருக்க வேண்டும். ஒட்டினாலும் கெடாத நிறங்களை அருகருகே வைப்பதுதான் அது. நீலத்துக்குப் பக்கத்தில் கடல்பச்சையோ ஊதாவோ இருந்தால் ஏறும் நீலம் உறவுபோலக் கலந்துவிடும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு அப்படி. மஞ்சளையும் ஊதாவையும் சேர்த்து வைத்தால்தான் சேற்று நிறம்.

தேர் முடிந்த மறுநாள் மலையேறினோம். மேலே ராம தீர்த்தம் பாறை உச்சியிலிருந்து நேராக உச்சந்தலையில் விழும். அதற்கு முன்னாலோ பின்னாலோ சாய்வது என்ற பேச்சே இல்லை, எல்லா நிறத்தின் மேலும் ஒரே அடியாக விழும் தண்ணீர் அது. வரிசையில் நிற்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். முன்கற்றை இரண்டையும் கண்டிஷனர் பூசிச் சுற்றிக் கொண்டை போட்டு, கவரைக் கட்டித்தான் வீட்டிலிருந்து கூட்டிவந்திருந்தேன். அவள் உள்ளே போய், தலையைப் பின்னால் சாய்த்து, பின்னந்தலையில் மட்டும் தீர்த்தம் விழும்படி நின்றுவிட்டு வந்தாள். படியிறங்கும் வழியெல்லாம் மலைக்காற்றில் முடியை விரித்துவிட்டபடி நடந்தாள். அவள் முதுகுப் பக்கம் வெள்ளைச் சுடிதாரில் நீலம் இறங்கியிருந்தது. கீழே வந்து கவரை அவிழ்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.